கர்ப்ப காலத்தில் எங்கள் சமையலறைப் புகையைக் குறைத்த விதம்

காசிமேட்டில் எங்கள் வீட்டு முன்ஜன்னல் எண்ணூர் விரைவுச்சாலையைப் பார்த்தது. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் அங்கேயே வரிசையில் நிற்கும். நான் கர்ப்பமானதும் அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினோம். ஆனால் அதை ஓடவிட்டால் வீட்டுக்குள் டீசல் நெடி கூடியது.

ஃபேன் வெளியேற்றும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை முன்ஜன்னலில் பிடித்தேன். அது வீட்டுக்குள் வளைந்தது. லாரிப் புகையை நாங்களே உறிஞ்சிக்கொண்டிருந்தோம்!

முன்ஜன்னலை மூடி, முற்றத்துப் பின்கதவைத் திறந்தோம். இப்போது காகிதம் பின்கதவில் உள்நோக்கியும் ஃபேன் பக்கமாகவும் சாய்கிறது. அடுப்பு மூட்டும் முன்பே ஃபேனைப் போட்டு, சமைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுகிறோம். கேஸ் அடுப்பென்றாலும் மீன் வறுக்கும்போது நுண்துகள் நிறையவே எழும். அதனால் வறுவலை அத்தை செய்தார், நான் வேறு அறையில் இருந்தேன். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்வோம். அது கார்பன் மோனாக்சைடு கூடுவதன் அறிகுறி; இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைத்து, குழந்தைக்குச் சேர வேண்டியதையும் அது பறிக்கும்.

கொசுவர்த்திச் சுருளை நிறுத்தி வலை கட்டினோம். மூடிய அறையில் இரவு முழுவதும் புகையும் சுருளை நான் அடுப்பைவிட மோசமானதாகவே கருதுகிறேன்.

ஊர்க்காற்றே கனத்திருக்கும் நாளில் பின்கதவும் பெரிதாக உதவாது. அன்று வறுவலே கிடையாது. சமையல் முடிந்து புகை வெளியேறியதும் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுவோம்.