பார்சல் தாமதமா? வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் முறை

மார்த்தாண்டத்தில் ஒரு சிப்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். ஓணத்துக்கு முன் நேந்திரங்காய் சிப்ஸ் ஆர்டர்கள் குவிகின்றன, அடுப்பு ஈடுகொடுக்கவில்லை, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகவேண்டிய பார்சல்கள் கடையிலேயே கிடக்கின்றன. கடைக்காரர் என்ன எழுத வேண்டும்?

முதலில் எழுத உட்காராதீர்கள், ஆர்டர் நோட்டை எடுங்கள். இன்னும் வறுக்கவே வறுக்காத ஆர்டர்கள் ஒரு பக்கம், கூரியரில் கொடுத்தும் வழியில் நிற்பவை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே கடிதம் போகாது, ஏனென்றால் முதல் கூட்டத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், இரண்டாவது கூட்டத்துக்கு வேண்டியது பார்சல் எங்கே இருக்கிறது என்ற பதில்.

அடுத்து காரணம். ஒரு வரி போதும், ஆனால் உண்மையான வரி. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. மழை பெய்யாத வாரத்தில் மழையைச் சொன்னால் நாகர்கோவில் வாடிக்கையாளரே சிரிப்பார்.

அப்புறம் தேதி. ‘விரைவில்’ வேண்டாம். உங்கள் கணக்குக்கு 20-ஆம் தேதி முடியும் என்றால் 22 என்று எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கான கடிதம் இப்படி வரும்:

*அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.*

*ஆகஸ்ட் 10 முதல் 16 வரை சிப்ஸ் ஆர்டர் செய்த உங்களுக்கு, சொன்ன நாளில் பார்சல் அனுப்ப முடியவில்லை. மன்னிக்க வேண்டுகிறோம். ஓணம் நேரத்தில் எங்களால் வறுக்க முடிந்த அளவைவிடக் கூடுதலாக ஆர்டர் வாங்கிவிட்டோம். தவறு எங்களுடையது.*

*உங்கள் பார்சல் ஆகஸ்ட் 22-க்குள் கூரியரில் சேர்க்கப்படும். புதிதாக வறுத்ததே வரும். டிராக்கிங் எண்ணை அன்று மாலையே அனுப்புவோம்.*

*காத்திருக்க முடியாதவர்கள் ஆகஸ்ட் 19 மாலைக்குள் ‘ரத்து’ என்று பதில் அனுப்பினால், முழுப் பணமும் இரண்டு வேலை நாளில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.*

*இப்படிக்கு,*
*(உரிமையாளர் பெயர், கடை, கைபேசி எண்)*

‘புதிதாக வறுத்ததே’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெயில் வறுத்தது நாள்பட்டால் காறிப்போகும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், தாமதம் என்றதும் அவர் மனதில் ஓடுவது அதுதான். தள்ளுபடி கூப்பனை இந்தக் கடிதத்தில் நுழைக்கவே கூடாது என்பது என் கருத்து, மன்னிப்பு கேட்கும்போதே விற்கிற மாதிரி ஆகிவிடும்.

வழியில் நிற்கும் பார்சல்களுக்கு, காரணமும் கூரியரில் சேர்க்கும் தேதியும் ரத்தும் உள்ள வரிகளை எடுத்துவிட்டு, டிராக்கிங் எண்ணையும் பார்சல் கடைசியாகப் பதிவான ஊரையும் எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேறு பார்சல் அனுப்புவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும், தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்பும்போது ஒரு விஷயம். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் போட்டால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். மற்றவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் எஸ்எம்எஸ். 22-ஆம் தேதியும் தவறிப்போனால் இரண்டாவது கடிதம் எழுதாமல் போனில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.