மின்தேக்கிக் கணக்கு: சூத்திரம் சரி, விடை மட்டும் தவறு

மின்தேக்கிக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. ½CV² எல்லோருக்கும் தெரியும். அந்த V எந்த மின்தேக்கியின் V, அந்த நேரத்தில் எவ்வளவு என்று பார்க்காமல் எண்ணைப் போடுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரே ஒரு கணக்கில் இதைப் பார்த்துவிடலாம்.

3 மைக்ரோஃபாரட், 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடரிணைப்பில் வைத்து 12 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கிறோம். ஒவ்வொன்றிலும் உள்ள ஆற்றல் என்ன? பிறகு மின்கலத்தைக் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, நேர் தட்டோடு நேர் தட்டும் எதிர் தட்டோடு எதிர் தட்டும் சேரும்படி இணைத்தால் மொத்த ஆற்றல் என்ன?

முதல் வரியிலேயே ஒரு சறுக்கல் உண்டு. 1/3 + 1/6 = 1/2 என்று போட்டுவிட்டு, தலைகீழாக்க மறந்து 0.5 என்று எழுதுவது. "தொடரில் விடை சின்ன மின்தேக்கியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்" என்று சரிபார்த்தால்கூட இந்தத் தவறு மாட்டாது, 0.5 என்பது 3-ஐவிடக் குறைவுதானே! இரண்டே மின்தேக்கிகள் என்றால், விடை சின்னதன் பாதிக்குக் கீழே போகவே போகாது. இங்கே 1.5-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சரியான விடை 2 மைக்ரோஃபாரட்.

அடுத்தது, இரண்டுக்குமே V = 12 என்று போடுவது. அப்படிச் செய்தால் 216, 432 மைக்ரோஜூல் என்று வரும், கூட்டினால் 648. ஆனால் மொத்தத்துக்கு ½ × 2 × 12² போட்டுப் பாருங்கள், 144தான். 12 வோல்ட் இரண்டுக்கும் பங்கு போகிறது, முழுசாக யாருக்கும் இல்லை. இருவருக்கும் பொதுவானது மின்னூட்டம். நடுவில் சேர்ந்திருக்கும் இரண்டு தட்டுகளையும் பாருங்கள்: அவை மின்கலத்தைத் தொடவே இல்லை, ஒரு தனித்தீவு. ஆரம்பத்தில் அங்கே நிகர மின்னூட்டம் சுழி. அதனால் ஒரு தட்டில் −24 மைக்ரோகூலூம் வந்தால் மற்றதில் +24 வந்தே ஆக வேண்டும்.

ஆகவே Q = 2 × 12 = 24 மைக்ரோகூலூம். அழுத்தங்கள் 24/3 = 8 வோல்ட், 24/6 = 4 வோல்ட். ஆற்றல் Q²/2C-இல் 96, 48 மைக்ரோஜூல். கூட்டினால் அதே 144. தொடரில் சின்ன மின்தேக்கியில்தான் அதிக ஆற்றல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரியதில்தான் அதிகம் என்பது பக்க இணைப்புக்குப் பொருந்தும், அங்கே V பொது.

இனி இரண்டாம் பகுதி. இங்கே சிலர் மறுபடி 12 வோல்ட்டையே எடுத்து ½ × 9 × 144 என்று போடுவார்கள். மின்கலத்தைத்தான் கழற்றிவிட்டோமே, 12 வோல்ட்டைப் பிடித்து வைக்க அங்கே யாரும் இல்லை. இன்னும் சிலர், "ஆற்றல் அழியாது" என்று 144-ஐ அப்படியே எழுதுவார்கள். மாறாமல் இருப்பது மின்னூட்டம்தான்.

சரி, எவ்வளவு மின்னூட்டம்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில் 24 என்று எழுதிவிடுகிறார்கள். தொடரில் மின்கலம் கொடுத்தது 24தான். ஆனால் இப்போது நேர் தட்டுகள் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன, ஒவ்வொன்றிலும் +24. மொத்தம் 48. புதிதாக எதுவும் வரவில்லை. முன்பு எதிரெதிராக நின்று கழிந்துபோன நடுத்தட்டுகளைத்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

மொத்த மின்தேக்குத்திறன் 9. பொது அழுத்தம் 48/9, அதாவது சுமார் 5.33 வோல்ட். ஆற்றல் 48²/(2 × 9) = 128 மைக்ரோஜூல். வர்க்கம் எடுக்கும்போது மைக்ரோவும் சேர்ந்து வர்க்கமாகும் என்பதை மறக்க வேண்டாம்: 10⁻¹²-ஐ 10⁻⁶-ஆல் வகுத்தால்தான் மைக்ரோஜூல் வரும்.

குறைந்த 16 மைக்ரோஜூல், 8 வோல்ட்டும் 4 வோல்ட்டும் சமமாகும்வரை மின்னூட்டம் ஓடியபோது பெரும்பாலும் கம்பியில் வெப்பமாகப் போனது. கம்பியின் தடையைக் கூட்டினால் ஓட்டம் மெதுவாகும், அவ்வளவே. இழப்பு அதே 16தான். இதைத் தனியாகச் சரிபார்க்க ½ × C₁C₂/(C₁+C₂) × (V₁−V₂)² போடலாம்: ½ × 2 × 4² = 16.

கேள்வியில் "நேர் தட்டு எதிர் தட்டோடு" என்று ஒரு சொல் மாறியிருந்தால் கதையே வேறு. 24-லிருந்து 24 போனால் சுழி. அழுத்தம் சுழி, 144 மைக்ரோஜூலும் காலி.