பெட்டிப் படத்திலிருந்து பணி விவரம்: கோடுகளைச் சரிசெய்த விதம்

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் ஆலைக்கு யார் யாருக்குக் கீழ் என்று பெட்டிகளும் கோடுகளுமாகக் காட்டும் நிறுவன அமைப்பு ஸ்லைடுகளைப் பணி விவரங்களாக மாற்றியபோது, எழுதுவதைவிடக் கோடுகளைப் படிப்பதில்தான் வேலை அதிகம்.

முதலில் எக்செலில் ஒரு பதவிக்கு ஒரு வரி: பதவி, நேர்க்கோட்டு மேலதிகாரி, புள்ளிக்கோட்டு மேலதிகாரி, ஸ்லைடு எண். நேர்க்கோடு முதன்மை மேலதிகாரியைக் காட்டும், புள்ளிக்கோடு கூடுதல் மேலதிகாரியை. ஒரே பெட்டி இரண்டு ஸ்லைடில் வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணணும். உச்சிப் பெட்டிக்கு மட்டும் மேலதிகாரி கிடையாது, அதனால் நேர்க்கோடுகள் பெட்டிகளைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்க வேண்டும். கூடினால் யாருக்கோ இரண்டு மேலதிகாரிகள். குறைந்தால் ஒரு பெட்டி தொங்குகிறது.

இங்கே கூடியது தர அலுவலர் பெட்டியில். ஆலை மேலாளருக்கும் நாகர்கோவில் அலுவலகத் தரத் தலைவருக்கும் நேர்க்கோடு போட்டிருந்தார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, “விடுப்புக்கு யார் கையெழுத்து? சரக்கை நிறுத்தினால் யார் மாற்றலாம்?” என்று கேட்டதும் தெளிவானது. விடுப்பும் அன்றாட வேலையும் மேலாளரிடம், அது புள்ளிக்கோடு. தரத் தீர்ப்பும் ஆண்டு மதிப்பீடும் தரத் தலைவரிடம், அது நேர்க்கோடு. உற்பத்தி இலக்கு வைத்திருப்பவரே சரக்கை விடுவிக்கும் ஆளின் மதிப்பீட்டையும் எழுதினால், நிறுத்த வேண்டியதை நிறுத்தக் கை வராது.

ஸ்லைடில் இருந்த “தரக் கட்டுப்பாடு” பொறுப்பு ஆகாது, அது துறைப் பெயர். இப்படி எழுதினோம்: “செறிவூட்டிய பாலின் ஒவ்வொரு தொகுதியிலும் உலர் ரப்பர் அளவைச் சோதிப்பார், 60 சதவீதத்துக்குக் குறைந்தால் அனுப்பாமல் நிறுத்துவார், விடுவிக்கத் தரத் தலைவரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.”

மேலாளரின் விவரத்திலும் “நிறுத்திய சரக்கை விடுவிக்க அதிகாரமில்லை” என்று சேர்த்தோம். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் தகராறு அப்படியே நிற்கும்.