பூட்டு யாருடையது என்று பாராமல் பூட்டாதீர்கள்

தனித் திறப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்கக்கூடாது என்பதெல்லாம் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்ததுதான். அவற்றை விடுவோம். பொதுத் திறப்பு மறைகுறியாக்கம் பயன்படுத்தும் செயற்றிட்டங்களில் ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் வேறு. நிரல் ஓடும், விடை சரியாக வரும், ஆனால் இரகசியம் மட்டும் இரகசியமாக இராது.

வந்த திறப்பை அப்படியே நம்புவது

முல்லைத்தீவிலிருக்கும் கண்ணன் திறந்த ஆமைப்பூட்டு ஒன்றை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறான். திறப்பு அவனிடமே இருக்கிறது. வவுனியாவில் மாதவி கடிதத்தைப் பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டால் பூட்டித் திருப்பி அனுப்புகிறாள். முன்பின் சந்திக்காத இருவர் இரகசியம் பேசும் வழி இதுதான். பூட்டு பொதுத் திறப்பு, திறப்பு தனித் திறப்பு. இதுவரை எல்லோருக்கும் விளங்கும். மாங்குளத்தில் ஒருவன் பூட்டை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சின்ன எண்களில் செய்து பாருங்கள். கண்ணனின் ஆர்எஸ்ஏ பொதுத் திறப்பு (n=33, e=3), தனித் திறப்பு d=7. நடுவில் இருப்பவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு, தன்னுடைய (n=55, e=3) என்ற திறப்பைக் கண்ணனின் பெயரில் மாதவிக்கு அனுப்புகிறான். அவனுடைய d=27.

```
மாதவி:   4^3  mod 55 = 9
நடுவன்:  9^27 mod 55 = 4
நடுவன்:  4^3  mod 33 = 31
கண்ணன்: 31^7 mod 33 = 4
```

மாதவி அனுப்பியது 4, கண்ணன் வாசித்ததும் 4. எந்தப் பிழைச்செய்தியும் வராது. நடுவன் 33ஐக் காரணிப்படுத்தவே இல்லை. கணிதத்தைத் தொடாமலே கடிதத்தை வாசித்துவிட்டான். திறப்பை 4096 பிட்டாக்கினாலும் இதே கதைதான். "நாங்கள் பெரிய திறப்புப் போட்டிருக்கிறோம் சேர்" என்ற பதில் இந்த இடத்தில் எதையும் காப்பாற்றாது.

நிரலில் இந்தப் பிழை இப்படித்தான் நுழைகிறது:

```
requests.get(url, verify=False)
```

ஆய்வுகூடச் சேவையகத்தின் சான்றிதழ் சுயமாக ஒப்பமிட்டது என்பதால் எச்சரிக்கை வருகிறது. அது தொல்லையாக இருக்கிறது என்று சரிபார்ப்பையே நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகும் போக்குவரத்து மறைகுறியாகித்தான் போகும்; யாருடைய பூட்டால் என்பதுதான் தெரியாது. அந்தச் சான்றிதழைப் பென்டிரைவில் நேரே வாங்கி வந்து `verify="lab.pem"` என்று கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எஸ்எஸ்எச் முதல் தடவை கைரேகையைக் காட்டிக் கேட்கும்போது பாராமல் `yes` அடிப்பதும் இதே பிழை.

இருவருக்கு இடையில் என்றால் திருத்தம் எளிது. இரு பக்கமும் ஒரே கட்டளையை ஓட்டுங்கள்:

```
openssl pkey -pubin -in kannan.pem -outform DER | openssl dgst -sha256
```

64 பதின்அறும இலக்கங்கள் வரும். அதுதான் திறப்பின் கைரேகை. கண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, குரலை அடையாளம் கண்டு, முழுவதையும் வாசித்து ஒப்பிடுங்கள். திறப்பு வந்த அதே மின்னஞ்சலில் கைரேகையையும் கேட்டால் பயனில்லை. பூட்டை மாற்றியவன் அதையும் மாற்றுவான். முதல் நான்கு இலக்கம் ஒத்தால் போதும் என்று நிறுத்தவும் வேண்டாம். நான்கு இலக்கத்துக்கு 65,536 சேர்க்கைகள்தான் உண்டு. அதே தொடக்கம் கிடைக்கும் வரை புதிது புதிதாகத் திறப்பு உருவாக்கிப் பார்க்க ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

குரலும் தெரியாத அந்நியர் என்றால்? இருவரும் நம்பும் மூன்றாமவர் "இந்தத் திறப்பு இன்னாருடையது" என்று ஒப்பமிட வேண்டும். டிஃபியும் ஹெல்மனும் 1976இல் பொதுத் திறப்பு முறையை வெளியிட்டபோது, திறப்புகளை ஒரு பொதுக் கோப்பில் வைக்கலாம் என்றார்கள். ஒப்பமிட்ட சான்றிதழ் என்ற யோசனை 1978இல் எம்ஐடியில் லோரன் கோன்ஃபெல்டர் எழுதிய இளமானி ஆய்வேட்டில் வந்தது. உங்கள் வயதுக்காரர் ஒருவர் கண்ட தீர்வைத்தான் `verify=False` தூக்கி எறிகிறது.

முழுக் கோப்பையும் ஆர்எஸ்ஏயால் மறைப்பது

2048 பிட் திறப்பில், ஓஏஈபி திணிப்பை SHA-256 உடன் பயன்படுத்தினால், ஒரு தடவைக்கு 190 பைட்டுக்கு மேல் கொள்ளாது. கோப்பை ஏஈஎஸ்ஸால் மறையுங்கள். அந்த 32 பைட் ஏஈஎஸ் திறப்பை மட்டும் ஆர்எஸ்ஏயால் மறையுங்கள்.

திணிப்பில்லாத ஆர்எஸ்ஏ

மேலே கண்ணனின் திறப்பால் 4 எத்தனை தடவை போனாலும் 31தான். பொதுத் திறப்பு எல்லோரிடமும் இருப்பதால், "ஆம்", "இல்லை" இரண்டையும் மறைத்துப் பார்த்து எது போனது என்று யாரும் கண்டுபிடிக்கலாம். ஓஏஈபி போடுங்கள்.