டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய புரத அளவா?

டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வரும் உணவு ஆலோசகர்களும் நோயாளிகளின் வீட்டாரும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். உப்பைக் குறைப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது பற்றியெல்லாம் ஊரறியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய உணவுத் தாளை விடாமல் பிடித்துக்கொள்வது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய காலத்தில், டயாலிசிஸ் வருவதைத் தள்ளிப்போடப் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம். புரதம் செரித்து உடைந்த கழிவே யூரியா. புரதம் குறைந்தால் எஞ்சியிருக்கும் சிறுநீரகத்துக்குச் சுமை குறையும். அந்தக் கட்டத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும்.

டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கழிவை இயந்திரம் எடுத்துவிடுகிறது. ஆனால் அதே வடிகட்டி வழியாக, ஒரு முறைக்கு ஏறக்குறைய 6 முதல் 12 கிராம் வரை, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தினமும் 5 முதல் 15 கிராம் புரதமே போய்விடும். போதாக்குறைக்கு, டயாலிசிஸ் நடக்கும் நேரத்தில் உடல் தன் தசையையே கரைக்கிறது. அதனால்தான் 2020-இல் வெளிவந்த அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதல், இரு வகை டயாலிசிஸுக்கும் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை என்று சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முன்பு 36 முதல் 48 கிராம் என்றால், இப்போது 60 முதல் 72 கிராம்.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவின் கணவர், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த தாளை என் மேசையில் விரித்தார். ‘பருப்பு, முட்டை, மீன் தவிர்க்கவும்’ என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடுகள். டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் அந்த வரியை அவர் ஒரு நாளும் மீறவில்லை. “யூரியா எவ்வளவு குறைந்திருக்கிறது பாருங்கள், மேடம்” என்று பெருமையோடு ரத்தப் பரிசோதனை முடிவை நீட்டினார். காலையும் இரவும் மூன்று மூன்று இட்லி, மதியம் சோறும் ரசமும் ஒரு காய்கறியும், இரண்டு வேளை தேநீர், கொஞ்சம் மோர். கூட்டிப் பார்த்தால் 26 கிராம் புரதத்தைத் தாண்டவில்லை. தேவையில் பாதிகூட இல்லை.

டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் ரத்தத்தில் யூரியா குறைவாக இருந்தால், சுத்திகரிப்பு நன்றாக நடக்கிறது என்று பொருள் இருக்கலாம்; அவர் சாப்பிடவே இல்லை என்றும் பொருள் இருக்கலாம். கிரியாட்டினினும் அப்படித்தான். அது தசையிலிருந்து வருவது. மாதாமாதம் அது சரிந்தால், சிறுநீரகம் தேறுகிறது என்று மகிழ்வதற்கு முன் தசை கரைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ரத்தத்திலுள்ள புரதமான அல்புமினும் இறங்கியிருந்தது.

இதைவிட ஆபத்தான இன்னொன்றும் அங்கே நடந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய உலர் எடையை 60 கிலோ என்று குறித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் 60-இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் உள்ளே தசை கரைந்துகொண்டிருந்தது; கரைந்த இடத்தை நீர் நிரப்பியது. தராசில் ஒரே எண்தான் வந்தது. இரவில் படுத்தால் மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் ஏற்றம். வளையல் முழங்கை வரை தளர்ந்து ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. மருத்துவர் உலர் எடையை 57-க்கு இறக்கியதும் மூச்சு சீரானது. போன தசையைத் திரும்பச் சேர்க்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. டயாலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே யாராவது அந்தத் தாளை வாங்கிக் கிழித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

கிராமைத் தட்டுக்குக் கொண்டுவராதது

“66 கிராம் புரதம் சாப்பிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் என்ன சமைப்பார்கள்? 60 கிலோ எடைக்கு நான் எழுதிக் கொடுக்கும் ஒரு நாள் இப்படி இருக்கும். காலையில் மூன்று இட்லியும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும், 13 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 80 கிராம் மீன், ஒரு காய்கறி, ஒரு சிறு கிண்ணம் தயிர், 28 கிராம். இரண்டு வேளைத் தேநீருக்குச் சேர்த்து 100 மில்லி பால், 3 கிராம். இரவு மூன்று சப்பாத்தியும் 60 கிராம் கோழியும், ஏறக்குறைய 22 கிராம். மொத்தம் 66.

இதே மனிதர் டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் இருந்திருந்தால், காலையில் வெள்ளைக்கரு இல்லை. மதியம் மீனுக்குப் பதில் 20 கிராம் பருப்பு. இரவு கோழிக்குப் பதில் ஒரு முட்டை. அது 42 கிராமுக்கு அருகில் நிற்கும். இட்லியும் சோறும் சப்பாத்தியும் இரண்டு கட்டத்திலும் அப்படியே இருக்கின்றன, கவனியுங்கள். சோற்றையும் சேர்த்துக் குறைத்தால், கலோரி போதாமல் உண்ட புரதத்தையே உடல் எரித்துவிடும்.

சைவர்களுக்குக் காலையில் 40 கிராம் பனீர், மதியம் 30 கிராம் பருப்பு, மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் 25 கிராம் சோயா உருண்டை என்று மாற்றினால் 60-ஐத் தாண்டலாம். பொட்டாசியம் ஏறும் வழக்கம் உள்ளவர்கள் கடலையை ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டிவிட வேண்டும். மாதப் பரிசோதனையில் பொட்டாசியத்தைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம்.

வீங்கிய எடையைப் பெருக்குவது

ஒரு நாளைய புரதத்தைக் கணக்கிடும்போது, நீர் சேர்ந்து வீங்கிய எடையை அல்ல, உலர் எடையைத்தான் பெருக்க வேண்டும். மிகப் பருமனானவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் எந்த எடையைக் கொள்வது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

வெந்த பிறகு நிறுப்பது

மேலே சொன்ன அரிசி, பருப்பு, மீன், கோழி எல்லாம் பச்சை எடை. 100 கிராம் கோழி வெந்தால் 70-75 கிராம்தான் இருக்கும்.

டயாலிசிஸ் நாளில் பட்டினி

நான்கு மணி நேரச் சிகிச்சை, போகவர இரண்டு மணி நேரம். இதில் மதியச் சாப்பாடே காணாமல் போகிறது. அமினோ அமிலம் வெளியேறுவதும் அன்றுதான். படுக்கையில் இருக்கும்போது சாப்பிட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். அவர்கள் கிளம்பும் முன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, முடிந்ததும் சாப்பிட இரண்டு அவித்த முட்டையை டப்பாவில் கொண்டுபோகலாம்.

புரதப் பவுடரை முதலில் வாங்குவது

முதலில் தட்டை நிரப்புங்கள்.

பாஸ்பரஸுக்குப் பயந்து புரதத்தை விடுவது

புரதம் கூடினால் பாஸ்பரஸும் கூடும், உண்மைதான். அதற்காக மீனை நிறுத்தாதீர்கள். பாலையும் தயிரையும் மேலே சொன்ன அளவோடு நிறுத்திவிட்டு, வெள்ளைக்கருவைக் கூட்டுங்கள். அதில் புரதம் அதிகம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. பதப்படுத்திய இறைச்சியிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்தான் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்கிறது; அவற்றை விடுங்கள். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கும் மாத்திரை எதையும் பிடிக்காது.