(x − 2) எத்தனை தடவை? ஒருமுறை சுருக்கிவிட்டு நின்றுவிடுகிறவர்களுக்கு

போன வாரம் டியூஷனில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே கணக்கைக் கொடுத்தேன்.

f(x) = (x³ − 3x² + 4) / (x³ − 2x² − 4x + 8), x → 2 எனும்போது எல்லை மதிப்பு என்ன?

நான்கு பேர் 0 என்று எழுதினார்கள். மூன்று பேர் முடிவிலி. இரண்டு பேர் "எல்லை இல்லை". மீதி இரண்டு பேர்தான் 3/4 என்ற சரியான விடைக்கு வந்தார்கள். தப்பாக எழுதிய ஒன்பது பேரின் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவர்கூட கூட்டல் கழித்தலில் சறுக்கவில்லை. ஒன்பது பேரும் ஒரே வரியில் நின்றிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நானும் அதே வரியில்தான் நின்றேன்.

குறி மாறிப்போவது, எண்ணைத் தப்பாக நகல் எடுப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றுக்கு மருந்து தூக்கம்தான்.

## ஒருமுறை சுருக்கிவிட்டு நிறுத்துவது

x = 2 என்று போட்டால் தொகுதி 8 − 12 + 4 = 0. பகுதியும் 8 − 8 − 8 + 8 = 0. ஆக 0/0. இதுவரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். இரண்டிலும் (x − 2) காரணியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. பகுதியை இரண்டிரண்டு உறுப்பாகச் சேர்த்தால் x²(x − 2) − 4(x − 2), அதாவது (x − 2)(x² − 4). தொகுதியை (x − 2) ஆல் வகுத்தால் x² − x − 2. பொதுவான (x − 2) ஐ அடித்துவிட்டால் மிஞ்சுவது:

(x² − x − 2) / (x² − 4)

கோளாறு இந்த இடத்தில்தான். "பொதுக் காரணியை நீக்கியாயிற்று, இனி 2 ஐப் போட்டால் போதும்" என்று கை தானாக ஓடுகிறது. மேலே போட்டவன் 4 − 2 − 2 = 0 என்று பார்த்து, "மேலே 0, ஆகவே விடை 0" என்கிறான். கீழே முதலில் போட்டவளுக்கு 4 − 4 = 0 கிடைக்கிறது; "கீழே 0, ஆகவே முடிவிலி" என்கிறாள். இரண்டிலும் போட்டுப் பார்த்தவர்கள் திரும்பவும் 0/0 வந்ததைக் கண்டு "சுருக்கியும் 0/0 வருகிறது, அப்படியானால் எல்லை இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கத்தை முதலில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

என் அரையாண்டுத் தாளில் நான் எழுதியது 0. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த உட்பிரிவு, "x = 2 இல் f தொடர்ச்சியாக இருக்க f(2) க்கு என்ன மதிப்பு தர வேண்டும்?" என்று கேட்டது. அங்கேயும் 0. அதற்கடுத்து வரைபடம், அதில் கோட்டை x அச்சுக்கு வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போயிருந்தேன். தாளைத் திருத்திய ஆசிரியர் சிவப்பு மையில் "கீழே பார்த்தாயா?" என்று மட்டும் எழுதியிருந்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டு வார்த்தை எரிச்சல் மூட்டுகிறது. கீழே பார்த்திருந்தாலும் அன்றைக்கு நான் "முடிவிலி" என்றுதான் எழுதியிருப்பேன்.

சுருக்கிய பிறகும் 0/0 வருகிறது என்றால் எல்லை இல்லை என்று பொருள் இல்லை, இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்றுதான் பொருள். x² − x − 2 = (x − 2)(x + 1). x² − 4 = (x − 2)(x + 2). ஆக முழுக் கணக்கும் இதுதான்:

(x − 2)²(x + 1) / (x − 2)²(x + 2)

மேலே இரண்டு தடவை, கீழே இரண்டு தடவை. சமம். மிஞ்சியது (x + 1)/(x + 2). 2 ஐப் போட்டால் 3/4.

கையில் கால்குலேட்டர் இருந்தால் மூலக் கணக்கிலேயே x = 2.1 என்று போட்டுப் பாருங்கள். தொகுதி 0.031, பகுதி 0.041. அடுத்து x = 2.01. தொகுதி 0.000301, பகுதி 0.000401. 2 இலிருந்து உள்ள தூரம் பத்தில் ஒரு பங்கானபோது, மேலும் கீழும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சுருங்கின. (x − 2) இரண்டு தடவை இருக்கிறது என்பதன் அடையாளம் அதுதான். ஒரு தடவை மட்டும் இருந்தால் பத்தில் ஒரு பங்காகத்தான் குறைந்திருக்கும். மூன்று தடவை என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்குவதால் விகிதம் 0-வுக்கும் போகாது, முடிவிலிக்கும் போகாது. 0.756, 0.7506 என்று 0.75 ஐ நோக்கி நகர்கிறது.

பொதுவாக எழுதினால், தொகுதி (x − a)ᵐ p(x), பகுதி (x − a)ⁿ q(x). m = n என்றால் எல்லை p(a)/q(a). m பெரிது என்றால் 0. n பெரிது என்றால் மதிப்பு கட்டுக்கடங்காமல் போகும். இதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கூடவே வரும் நிபந்தனையைத்தான் விட்டுவிடுகிறார்கள்: p(a), q(a) இரண்டில் எதுவுமே 0 ஆக இருக்கக் கூடாது. அது பூச்சியமாக இருக்கும் வரை m, n என்று நீங்கள் எழுதிய எண்கள் உண்மையான m, n அல்ல.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி தொகுமுறை வகுத்தல். ஒருமுறை வகுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கிடைத்த ஈவையே திரும்ப (x − 2) ஆல் வகுங்கள். மீதி 0 அல்லாத எண்ணாக வரும் வரை விடாதீர்கள்.

```
தொகுதி                    பகுதி
2 | 1  -3   0    4        2 | 1  -2  -4    8
  |     2  -2   -4          |     2   0   -8
  | 1  -1  -2 |  0          | 1   0  -4 |  0
  |     2   2               |     2   4
  | 1   1 |  0              | 1   2 |  0
  |     2                   |     2
  | 1 | 3                   | 1 | 4
```

மேலே இரண்டு பூச்சியம், கீழே இரண்டு பூச்சியம். எண்ணிக்கை முடிந்தது. கடைசியாக வந்த மீதிகளைப் பாருங்கள்: 3, 4. மீதித் தேற்றப்படி அவைதான் p(2), q(2). அவற்றின் விகிதமே விடை. தனியாகச் சுருக்கவோ திரும்பப் பிரதியிடவோ தேவையில்லை.

## விடுபட்ட உறுப்புக்கு 0 போடாதது

x³ − 3x² + 4 இல் x உறுப்பு இல்லை. 1, −3, 4 என்று எழுதினால் மீதி 2 வரும். நேரே பிரதியிட்டால் 0, அட்டவணையில் 2 என்றால் அட்டவணைதான் தப்பு.

## வெளியே தெரியும் அடுக்கை மட்டும் எண்ணுவது

(x − 2)²(x² − 5x + 6) / (x − 2)³ என்று கொடுத்தால், "மேலே 2, கீழே 3, ஆகவே முடிவிலி" என்று உடனே பதில் வரும். அடைப்புக்குள் இன்னொரு (x − 2) ஒளிந்திருக்கிறது: x² − 5x + 6 = (x − 2)(x − 3). மூன்றுக்கு மூன்று. எல்லை −1. தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த ஒளிந்துகொள்ளும் காரணி ரொம்பப் பிடிக்கும். எனக்கும்தான்.

## லோபிதால் விதியை ஒரு தடவை கூடுதலாகச் செய்வது

இந்த விதி 1696 இல் லோபிதாலின் நூலில் அச்சானது; கண்டுபிடித்துக் கொடுத்தவர் யோஹான் பெர்னூலி. யார் பெயரில் இருந்தாலும், 0/0 நிற்கிற வரைக்கும்தான் அது இங்கே செல்லும்.

நம் கணக்கில் முதல் வகைக்கெழுக்கள்: மேலே 3x² − 6x, கீழே 3x² − 4x − 4. 2 ஐப் போட்டால் இரண்டும் 0. திரும்ப வகையிட்டால் 6x − 6, 6x − 4. மதிப்புகள் 6, 8. விகிதம் 3/4. சரியாக இரண்டாவது தடவையில் பூச்சியம் ஒழிந்தது, ஏனென்றால் காரணி இரண்டு தடவை இருந்தது.

ஒரு பையன் அங்கே நிற்கவில்லை. "x போகிற வரைக்கும் வகையிடணும் சார்" என்றான். மூன்றாவது தடவை மேலே 6, கீழே 6, விடை 1. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஒவ்வொரு தடவை வகையிட்டதும் மதிப்பைப் போட்டு, இரண்டும் 0 தானா என்று பார்த்த பிறகே அடுத்த தடவைக்குப் போக வேண்டும். இரண்டில் ஒன்று 0 இல்லாவிட்டாலும் விதி அங்கேயே நின்றுவிடுகிறது.

## கீழே மிஞ்சினால் "முடிவிலி" என்று முடித்துவிடுவது

அதே தொகுதியை (x − 2)³ ஆல் வகுப்போம். மேலே 2, கீழே 3. மிஞ்சுவது (x + 1)/(x − 2). 2 க்கு வலப்பக்கம் x − 2 மிகை எண், ஆகவே +∞. இடப்பக்கம் குறை எண், ஆகவே −∞. இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. "முடிவிலி" என்று ஒரே சொல்லில் எழுதினால் மதிப்பெண் போகும்.

(x − 2)⁴ ஆல் வகுத்தால் மிஞ்சுவது (x + 1)/(x − 2)². வர்க்கம் எந்தப் பக்கமும் மிகை எண்தான், ஆகவே இரு பக்கமும் +∞. எத்தனை மிஞ்சுகிறது என்பதைவிட, மிஞ்சியது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் இங்கே கேள்வி. கணக்கில் (2 − x)³ என்று திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு கழித்தல் குறி வெளியே வரும். (2 − x)⁴ இல் வராது.

## எல்லை 3/4 என்பதால் f(2) = 3/4 என்று எழுதுவது

இல்லை. 2 இல் f க்கு மதிப்பே கிடையாது.

## வர்க்கமூலத்துக்குள் அப்படியே எண்ணுவது

√(x³ − 3x² + 4) / (x − 2). உள்ளே (x − 2) இரண்டு தடவை, மூலம் எடுத்தால் ஒன்று, கீழே ஒன்று, ஆகவே √3 என்று என் நல்ல மாணவி ஒருத்தியே எழுதினாள். எண்ணிக்கை சரி, விடை பாதி. √((x − 2)²) என்பது x − 2 அல்ல, |x − 2|. வலப்பக்க எல்லை √3, இடப்பக்க எல்லை −√3. எல்லை இல்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: "அப்போ உள்ளே நாலு தடவை இருந்தா, சார்?" மூலம் எடுத்தால் |(x − 2)²|; அதில் மட்டுக்குறிக்கு வேலை இல்லை. ஆறு தடவை இருந்தால் என்ன ஆகும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.