இளநீர், பாக்கெட் தேங்காய்ப்பால்: பார்த்து வாங்குவது எப்படி?

படி 1: தண்ணீர் வேண்டுமா, வழுக்கை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாளை வெடித்து ஆறேழு மாதம் ஆன காயில்தான் தண்ணீர் நிறைய இருக்கும், இனிப்பும் தூக்கலாக இருக்கும். வழுக்கை அப்போது பேருக்குத்தான் இருக்கும். வழித்துச் சாப்பிட வேண்டுமென்றால் எட்டு மாதக் காய் தேவை. அதற்கு மேல் போனால் பருப்பு தடிக்கும், தண்ணீரும் இனிப்பும் குறைந்துகொண்டே வரும்.

படி 2: காதருகே வைத்து ஆட்டுங்கள். தளதளவென்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, காய் முற்றத் தொடங்கிவிட்டது. சத்தமே வராவிட்டால் தண்ணீர் முட்ட நிற்கிறது. ஆனால் பிஞ்சும் இதே மாதிரி சத்தமில்லாமல்தான் இருக்கும், குடித்தால் துவர்க்கும். அதனால் காம்படியையும் பாருங்கள். தொப்பி போல ஒட்டியிருக்கும் செதில்களுக்குக் கீழே வெளுத்த வளையம் தெரிந்தால் இளசு. வளையத்தின் நிறம் மற்ற தோலோடு கலந்துவிட்டால் முற்றல். பச்சையா செவ்விளநீரா என்பது ரகத்தைச் சொல்லும், பருவத்தைச் சொல்லாது. பெரிய காயைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாதி மட்டையாக இருக்கலாம்.

படி 3: தேங்காய்ப்பால் முற்றிய காயிலிருந்து வருவது. இதில் ஆட்டிப் பார்ப்பதெல்லாம் வேலைக்காகாது, லேபிளைத்தான் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு பாக்கெட். ஒன்றில் 100 மில்லிக்குக் கொழுப்பு 17 கிராம், சர்க்கரை 2 கிராம். இன்னொன்றில் கொழுப்பு 6, சர்க்கரை 7. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அளவுப்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், தேங்காய் க்ரீம் என்றால் 20. முதல் பாக்கெட் குழம்புக்கும் பாயசத்துக்கும் சரி. இரண்டாவது இனிப்பு சேர்த்த, குடிக்கிற ரகம். அதைக் குழம்பில் ஊற்றினால் தித்திக்கும், கெட்டிப்படவும் செய்யாது.

கொழகொழவென்று ஊற்றுகிறதே, நல்ல பால்தான் என்று நினைக்க வேண்டாம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் (லேபிளில் எண் 412) கொஞ்சம் சேர்த்தாலே தண்ணீர்ப்பால்கூடக் கெட்டியாகத் தெரியும். குவார் கம் பொதுவாகத் தீங்கில்லாதது, லேபிளில் கொழுப்பு எத்தனை கிராம் என்பதை மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் (223) இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. அப்புறம், தேங்காய்ப்பால் பவுடர் சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது மாட்டுப்பாலின் புரதம், பால் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது.

திறந்ததும் மேலே ஆடை தனியாகவும் அடியில் தண்ணீர் தனியாகவும் நின்றால் பயப்பட வேண்டாம். கம் சேர்க்காத பால் அப்படித்தான் பிரியும், கலக்கினால் சரியாகிவிடும். டின் உப்பியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.